உடைத்து ஊற்றும் முட்டைக் குழம்பு: ஒவ்வொரு முட்டையும் முதலில் சின்னக் கிண்ணத்துக்கு

கொதிக்கிற குழம்பில் ஐந்தாவது முட்டையை உடைக்கும்போது அது கூமுட்டையாக இருந்தால் சட்டியோடு கொட்ட வேண்டியதுதான். அரைத்த தேங்காய், வதக்கிய சின்ன வெங்காயம், கரைத்த புளி, ஏற்கெனவே ஊற்றிய நாலு நல்ல முட்டை, செலவான கேஸ், எல்லாம் போச்சு. ஆம்லெட்டுக்கு அடிக்கும்போது கெட்டது வந்தால் முட்டையோடு நஷ்டம் முடியும். குழம்பில் அப்படி இல்லை. அதனால்தான் முட்டையை ஒவ்வொன்றாகச் சின்னக் கிண்ணத்தில் உடைத்துப் பார்க்கும் பழக்கத்தைச் சொல்ல உடைத்து ஊற்றும் குழம்பையே எடுத்துக்கொள்கிறேன். இதில் சரியாகச் செய்யப் பழகியவருக்குக் கேக்கும் ஆம்லெட்டும் சுலபம்.

மே மாதத்து முட்டை

வடசென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கத்துக் கடைகளுக்கு வருவது பெரும்பாலும் நாமக்கல் லாரி முட்டை. 30 முட்டை கொண்ட அட்டைகளாக இறங்குகிறது. இறங்கியதும் அதற்கு ஏசியும் இல்லை, ஃபிரிட்ஜும் இல்லை. கடை வாசலில், தகரக் கூரைக்குக் கீழே அடுக்கி வைத்திருப்பார்கள். அக்கினி நட்சத்திரத்தில் அந்த இடத்தில் கை வைத்துப் பார்த்தால் தெரியும்.

முட்டை ஓடு பார்க்க மூடியதுபோல இருந்தாலும் அதில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. உள்ளே இருக்கிற ஈரமும் கரியமில வாயுவும் அந்தத் துளைகள் வழியே மெல்ல வெளியே போகும். வெயில் ஏற ஏற அது வேகமாக நடக்கும். ஈரம் போகப்போக அகன்ற முனையில் இருக்கும் காற்றறை பெரிதாகிறது. கரியமில வாயு போகப்போக வெள்ளைக்கரு கெட்டித்தன்மையை இழந்து தண்ணீராகிறது. மஞ்சள் கருவைச் சுற்றியுள்ள மெல்லிய தோலும் தளர்கிறது. இதெல்லாம் பழசாவதுதான், கெடுவது வேறு. ஓட்டின் துளை வழியாகவோ கீறல் வழியாகவோ கிருமி உள்ளே போய், வெள்ளைக்கருவில் இருக்கும் தற்காப்பையும் தாண்டிப் பெருகினால்தான் முட்டை அழுகும். சூடு இரண்டையும் வேகப்படுத்திவிடுகிறது.

கோடையில் இன்னொரு தொல்லையும் உண்டு. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்பைத் தணிக்கும். அப்படி இரைக்கும்போது அதன் ரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறிவிடும். ஓடு கட்டத் தேவையான கார்பனேட் அதிலிருந்துதான் வர வேண்டும். ஆக, வெயில் காலத்து முட்டைக்கு ஓடு மெலிசு. தட்டினால் ஒரு கோடாக விரிசல் விடாமல் நொறுங்கும். மார்கழியில் ஓட்டுத் துண்டு விழாத கையிலேயே சித்திரையில் துண்டு விழுவதற்கு இது ஒரு காரணம்.

வாங்கும்போது

ஆறு முட்டை வேண்டுமென்றால் எட்டு வாங்குங்கள். மிச்சமானால் அடுத்த நாள் தோசைக்கு ஆகும். குறைந்தால் அடுப்பில் குழம்பை வைத்துவிட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டு ஓட வேண்டும்.

கடையில், "அண்ணே, வெளிய வெச்ச அட்டை வேணாம், உள்ள இருக்கிறதுல குடுங்க" என்று கேட்பதில் வெட்கம் எதற்கு? "எல்லாம் நேத்து எறங்குன சரக்குதாம்மா" என்பார். இருக்கட்டும். கையில் வாங்கியதும் இரண்டு முட்டையை லேசாக ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். ஓடு முழுசாக இருந்தால் சத்தம் கணீரென்று வரும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் சத்தம் அடங்கி, மட்டமாகக் கேட்கும். கீறல் முட்டையை விலை குறைத்துக் கொடுப்பார்கள். உடனே போய் ஆம்லெட் போடுவதானால் வாங்கலாம், கசிந்து ஈரமாக இருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். குழம்புக்குக் கீறலும் ஆகாது.

தண்ணீரில் போட்டுப் பார்க்கிற சோதனையை நிறையப் பேர் நம்புகிறார்கள். அது காற்றறையின் அளவைத்தான் சொல்லும். மிதந்தால் ரொம்பப் பழசு, தள்ளிவிடலாம். ஆனால் அடியில் படுத்த முட்டையும் உள்ளே கெட்டிருக்கலாம், நேற்றுக் கீறல் விழுந்து கிருமி ஏறிய முட்டைக்குக் காற்றறை பெரிதாக நேரம் கிடைத்திருக்காது. நனைந்த முட்டையைத் திரும்ப எடுத்து வைப்பதும் தப்பு, ஈரத்தோடு கிருமி துளைக்குள் இறங்கும். கிண்ணம் இருக்கும்போது தண்ணீர்ச் சோதனை எனக்குத் தேவையாகப் படவில்லை.

எந்தக் கிண்ணம், எந்த இடம்

சட்னிக்கு வைக்கிற சின்ன எவர்சில்வர் கிண்ணம் போதும். வெள்ளைப் பீங்கான் அழகாக இருக்கும், ஆனால் வெள்ளை ஓட்டுத் துண்டு அதில் கண்ணுக்கே படாது. எவர்சில்வரில் வெள்ளைக்கரு கண்ணாடி மாதிரி தெரியும், துண்டு தனியாகத் தெரியும். அடி தட்டையாக இருக்கட்டும். குழிவான கிண்ணத்தில் எல்லா முட்டையும் நடுவில் குவிந்து நிற்கும், பழசா புதுசா என்று கணிக்க முடியாது. உதடு வெளிப்பக்கம் லேசாக வளைந்திருந்தால் குழம்பில் சரிக்க வசதி.

இரண்டு கிண்ணம் எடுத்து வையுங்கள். ஒன்று கெட்ட முட்டையால் நாறிவிட்டால் அதைக் கழுவி, துடைத்து, முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. இவை தவிர ஒதுக்குகிற முட்டைக்கு ஒரு பெரிய கிண்ணம், ஒரு ஸ்பூன், விரல் நனைக்கக் கொஞ்சம் தண்ணீர், கட்டிப்போடப் பழைய பிளாஸ்டிக் கவர் ஒன்று.

இடத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. ஆனால் பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது. புளியும் பூண்டும் மிளகாய்த்தூளும் கொதிக்கிற சட்டிக்கு நேர் மேலே முட்டையை உடைத்தால், அரைகுறையாகக் கெட்ட முட்டையின் நாற்றம் மூக்குக்கு எட்டவே எட்டாது. முழுக்க அழுகியது தெருவுக்கே தெரியும், அதை விடுங்கள். அப்போதுதான் கெட ஆரம்பித்திருக்கும் முட்டை லேசான ஒரு வாடை மட்டும் தரும். அதைப் பிடிக்க வேண்டுமானால் அடுப்பிலிருந்து விலகி, மேடையின் மறுகோடியிலோ சன்னலோரத்திலோ உடைக்க வேண்டும். ஒரே அறை வீடானால் வாசற்படியில் உட்கார்ந்து உடைத்துக்கொண்டு வரலாம். ஃபேன் நேரே அடிக்கக் கூடாது, வாடையை அடித்துக்கொண்டு போய்விடும். காசிமேட்டிலிருந்து மீன் வாங்கி வந்து ஆய்ந்த நாளில், முதலில் மேடையைக் கழுவிவிட்டுப் பிறகு முட்டைக்கு வாருங்கள்.

ஃபிரிட்ஜில் வைத்த முட்டை என்றால் நம் கடற்கரைக் காற்றில் வெளியே எடுத்த உடனே ஓட்டின் மேல் வியர்த்துவிடும். ஈர ஓடு கையில் வழுக்கும், ஓட்டு அழுக்கு நீரோடு கிண்ணத்தில் சொட்டும். துணியால் துடைத்துவிட்டு உடையுங்கள். வியர்த்ததை மறுபடி உள்ளே வைக்காதீர்கள்.

உடைப்பது

முட்டையைப் படுக்கவாட்டில் பிடித்து, அதன் வயிற்றுப் பகுதியை மேடையின் தட்டையான பரப்பில் ஒரே ஒரு தட்டு. கிண்ணத்தின் விளிம்பில் தட்டுவதுதான் பலருக்கும் கைப்பழக்கம். விளிம்பு ஓட்டை உள்பக்கமாக அழுத்தும், உள்ளே இருக்கிற சவ்வும் கிழியும், துண்டு கருவுக்குள் போகும். தட்டையான பரப்பில் ஓடு நசுங்கினாலும் சவ்வு பெரும்பாலும் கிழியாது, நொறுங்கிய துண்டுகளை அந்தச் சவ்வே பிடித்து வைத்துக்கொள்ளும். பயந்து பயந்து நாலு தட்டு தட்டினால் தூளாகும். கோடை முட்டைக்கு மார்கழி முட்டையைவிடக் கொஞ்சம் மென்மையாக, ஆனால் ஒரே தடவையாக.

பிறகு கிண்ணத்துக்கு இரண்டு விரல் உயரத்துக்குள் கொண்டுவந்து, இரண்டு கட்டைவிரல் நுனியையும் விரிசலில் வைத்து, உள்ளே குத்தாமல் இரு பக்கமும் விலக்குங்கள். உயரத்திலிருந்து போட்டால் நல்ல முட்டைக்கும் மஞ்சள் கரு உடையும், அப்புறம் பழசா கைத்தவறா என்று தெரியாது.

பார்ப்பது

விழுந்த உடனே மூக்குக்கு வேலை. நல்ல முட்டைக்கு வாடையே இல்லை என்று சொல்லலாம். கந்தக வாடை, புளிச்ச வாடை, சாக்கடை வாடை, எது வந்தாலும் அத்தோடு முடிந்தது. வெள்ளைக்கருவில் கந்தகம் கலந்த புரதம் இருக்கிறது, கிருமி அதைச் சிதைக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும். கூமுட்டை நாற்றம் என்பது அதுதான். சந்தேகம் வந்தால் கிண்ணத்தை வாசலுக்கு எடுத்துப்போய் இன்னொரு தடவை முகருங்கள், வீட்டில் வேறு ஒருவரிடமும் நீட்டுங்கள்.

அடுத்து நிறம். வெள்ளைக்கரு பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ பளபளத்தால், கருப்பாகத் திட்டுத் திட்டாக இருந்தால், வாடை இல்லாவிட்டாலும் கொட்டுங்கள். கிருமி செய்த வேலை அது. ஆனால் வெள்ளைக்கரு லேசாகப் பால் கலந்ததுபோல மங்கலாக இருந்தால் கவலை வேண்டாம். உள்ளிருக்கும் கரியமில வாயு இன்னும் வெளியேறவில்லை, புது முட்டை என்று பொருள். மஞ்சள் கருவின் இரண்டு பக்கமும் முறுக்கிய வெள்ளை நூல் ஒன்று தெரியுமே, அதைக் குஞ்சு என்று நினைத்துக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மஞ்சள் கருவை நடுவில் நிறுத்துகிற கயிறு அது. புது முட்டையில்தான் நன்றாகத் தெரியும். சிறு ரத்தப் பொட்டு இருந்தால், கோழிக்குள் மஞ்சள் கரு உருவாகும்போது ஒரு சின்ன ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, அவ்வளவே. ஸ்பூன் நுனியால் எடுத்துவிட்டு ஊற்றலாம்.

நாட்டுக்கோழி முட்டைக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம். பண்ணை முட்டை சேவல் சேராதது, அதில் குஞ்சுக்கு வழியில்லை. வீட்டில் வளர்க்கிற கோழியோடு சேவலும் மேய்ந்தால் முட்டையில் கரு தரித்திருக்கலாம், மே மாதச் சூட்டிலேயே அது லேசாக வளரத் தொடங்கி நின்றுவிடும். மஞ்சள் கருமேல் ரத்த வளையமாகத் தெரிந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

மூன்றாவதாக உருவம். எனக்குக் கிண்ணத்தின் பெரிய உபயோகமே இதுதான். மஞ்சள் கரு உருண்டு மேலே எழும்பி, அதைச் சுற்றிக் கெட்டியான வெள்ளை வளையமாக நின்றால் குழம்பில் அப்படியே உருண்டையாக வேகும். வெள்ளைக்கரு தண்ணீராகக் கிண்ணமெங்கும் பரவி, மஞ்சள் கரு தட்டையாகப் படுத்திருந்தால் முட்டை பழசு. வாடை இல்லையென்றால் தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் குழம்பில் ஊற்றினால் நூல் நூலாகப் பிரிந்து குழம்பையே கலக்கிவிடும். அதைப் பெரிய கிண்ணத்துக்கு ஒதுக்குங்கள். அப்புறம் பொடிமாஸ் ஆகட்டும்.

ஓட்டுத் துண்டு விழுந்தால்

துண்டை விரலால் துரத்தினால் ஓடும். கெட்டியான வெள்ளைக்கரு விரலுக்கு முன்னால் அலையாக நகர்ந்து துண்டையும் தள்ளிக்கொண்டு போகிறது. விரலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, துண்டின் மேல் நேராக வைத்து அடியோடு அழுத்துங்கள். அழுத்தியபடியே கிண்ணத்தின் சுவரில் மேலே இழுத்துவாருங்கள். வந்துவிடும்.

உடைந்த ஓட்டின் பாதியையே கரண்டி மாதிரி விட்டு எடுப்பது இன்னும் சுலபம், கூரான விளிம்பு வெள்ளைக்கருவை வெட்டிக்கொண்டு போய்த் துண்டைச் சேர்த்துக்கொள்ளும். ஆனால் ஓட்டின் வெளிப்புறத்தில் கோழி எச்சத்தின் கிருமி இருக்கலாம். குழம்பில் நன்றாக வேகப்போகிற முட்டைக்குப் பரவாயில்லை. வேகாமல் சேர்க்கிற எதற்கும் ஸ்பூனையே பயன்படுத்துங்கள்.

ஒரு சட்டிக் குழம்பு, எட்டு முட்டை

இனி ஒரு நாள் சமையலை வைத்துப் பார்ப்போம். அகலமான சட்டியில் நல்லெண்ணெய், வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, குழம்பு மிளகாய்த்தூள் போட்டு, சின்ன எலுமிச்சை அளவு புளிக் கரைசல் ஊற்றி, பச்சை வாசனை போனதும் தேங்காய் அரைத்து விட்டாயிற்று. எண்ணெய் மேலே மிதக்கிறது. குழம்பு இரண்டு விரல் ஆழமாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முட்டை அடியில் ஒட்டும். அடுப்பை சிம்மில் வையுங்கள். தளபுளவென்று கொதித்தால் முட்டை சிதறும், ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி வந்தால் போதும்.

முதல் முட்டை நன்றாக நிற்கிறது. கிண்ணத்தை எடுத்துவந்து, உதடு குழம்பின் மேல்பரப்பைத் தொடுகிற அளவுக்குத் தாழ்த்தி, சட்டியின் கைப்பிடிக்கு நேரே சரிக்கிறோம். புளி இருப்பதால் வெள்ளைக்கரு சீக்கிரம் இறுகும். கைப்பிடியிலிருந்து வலமாக வட்டம் போட்டு ஊற்றிக்கொண்டு போனால் எது முதலில் போனது என்று நினைவில் நிற்கும்.

இரண்டாவதில் நகக்கண் அளவு ஓடு. நனைத்த விரலால் இழுத்து எடுத்து ஊற்றியாயிற்று. மூன்றாவது கிண்ணம் முழுக்கப் பரவி, மஞ்சள் கரு தட்டையாகக் கிடக்கிறது. வாடை இல்லை, பெரிய கிண்ணத்துக்குப் போகிறது. நாலாவதில் ரத்தப் பொட்டு, எடுத்துவிட்டு ஊற்றுகிறோம். ஐந்தாவதை விலக்கும்போதே மூக்கு சுருங்குகிறது. வெள்ளைக்கரு பச்சையடித்திருக்கிறது. கிண்ணத்தோடு தள்ளி வைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, இரண்டாவது கிண்ணத்தை எடுக்கிறோம். இந்த இடைவெளியில் குழம்புக்கு ஒன்றும் ஆகாது, மூன்று முட்டையும் சிம்மில் அமைதியாக வெந்துகொண்டிருக்கும். ஆறு, ஏழு, எட்டு மூன்றும் நல்லது. ஆக ஆறு உள்ளே, ஒன்று ஒதுக்கியது, ஒன்று குப்பைக்கு. எட்டு வாங்கியது சரியாகப் போயிற்று.

இனி கரண்டி போடக் கூடாது. மூடி வைத்து ஐந்து நிமிஷம். பிறகு தோசைத் திருப்பியின் முனையால் முதலில் ஊற்றியதிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் புரட்டி, இன்னும் மூன்று நான்கு நிமிஷம். மஞ்சள் கரு முழுக்க இறுக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. சால்மொனெல்லா கிருமி இருக்கிற முட்டை பார்வைக்கும் வாடைக்கும் நல்ல முட்டைதான், கிண்ணம் அதைக் கண்டுபிடிக்காது. அதை ஒழிப்பது சூடு மட்டும். குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வயதானவர்களுக்கும் ஓடுகிற மஞ்சள் கருவை வைக்காதீர்கள்.

கெட்டதை என்ன செய்வது

சிங்க்கில் ஊற்றாதீர்கள். நம் பக்கத்துச் சாக்கடை ஏற்கெனவே மெதுவாகத்தான் இறங்குகிறது, நாற்றம் இரவு வரை குழாய் வழியே திரும்பி வரும். கவரில் ஊற்றி, ஓட்டையும் போட்டு, இறுக்கிக் கட்டி, உடனே வெளியே இருக்கும் குப்பைத் தொட்டிக்கு. கிண்ணத்தை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் பட்டால் முட்டை அங்கேயே வெந்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சோப்பு. வாடை போகவில்லையென்றால் குழம்புக்குக் கரைத்த புளிச்சக்கை கையில்தானே இருக்கிறது, உப்போடு சேர்த்துத் தேய்த்தால் போய்விடும்.

ஒதுக்கிய முட்டையை வெயில் காலத்தில் வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் அடுத்த நாள் காலைத் தோசைக்கு ஆகும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், குழம்பை இறக்கிய சூட்டோடு அதே அடுப்பில் இரண்டு பச்சை மிளகாய், ஒரு வெங்காயம் போட்டுப் பொடிமாஸாகக் கிளறிவிடுங்கள்.